நான் கொடுக்காத ரெஃபரன்ஸ்

என் ரெஸ்யூம் ஒரே பக்கம்தான். அதை ஒரு பக்கத்துக்குள் அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். படிப்பு, பயிற்சி, கும்பகோணத்தில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பார்த்துக்கொண்டிருந்த வேலை, எந்தெந்தக் கருவிகளை இயக்கத் தெரியும் என்பது. அவ்வளவுதான். அப்பா பெயர், மதம், திருமணம் ஆனதா ஆகவில்லையா, 'மேற்கண்டவை யாவும் உண்மை என உறுதி கூறுகிறேன்' எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். ரெஃபரன்ஸ் என்று இரண்டு பேரின் பெயரும் போன் நம்பரும் போடும் வழக்கம் ஒன்று இருக்கிறதே, அதையும் எடுத்துவிட்டேன்.

அப்பா அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தக் காகிதத்தைக் கொடுத்தாலும் பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் கீழே வைப்பார். இதையும் திருப்பினார். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது.

"என்னம்மா பயோடேட்டா இது? அப்பன் பேரும் இல்ல, தெரிஞ்சவங்க பேரும் இல்ல. யாருமில்லாத பொண்ணு எழுதின மாதிரி இருக்கு."

"இப்பல்லாம் அப்படித்தாம்ப்பா. ரெஃபரன்ஸ் வேணும்னா இன்டர்வியூ முடிஞ்சு அவங்களே கேப்பாங்க. அப்பக் குடுத்தாப் போதும்."

"முதல்லயே நாலு பெரிய மனுஷனைத் தெரியும்னு தெரிஞ்சாத்தானே உள்ளயே கூப்பிடுவான்? கூப்பிட்டப்புறம் எதுக்குடி சிபாரிசு?"

"இது சிபாரிசு இல்லப்பா" என்றேன். என் குரல் உயர்ந்துவிட்டது. எனக்குச் சட்டென்று கோபம் வரும். அதுவும் எனக்குத் தெரிந்த விஷயத்தில் யாராவது மறுத்துப் பேசினால் உடனே வரும். "என் வேலையைப் பக்கத்துல இருந்து பாத்தவங்க, இவ எப்படி வேலை செய்வான்னு சொல்றது. அதுக்கு நான் ஒருத்தர்கிட்ட கேட்டு வச்சிருக்கேன்."

அப்படிக் கேட்டு வைத்திருந்தது எங்கள் கூடத்தின் அறிக்கைகளில் கையெழுத்துப் போட தஞ்சாவூரிலிருந்து வந்து போகும் நோய்க்குறியியல் டாக்டரம்மாவிடம். அவர் எங்கள் முதலாளியின் ஆள் இல்லை. ஆனால் நான் வேறு வேலை தேடுவது முதலாளிக்குத் தெரிந்தால் என் கதி என்ன என்பது அவருக்குத் தெரியும். முதலாளியின் மைத்துனர் மகன் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கருவிகள் எல்லாம் அவன் கைக்குப் போய்விட்டன. எனக்கு மிஞ்சியது வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வரும் வேலை. அதற்கா நான் அவ்வளவு படித்தேன்? தஞ்சாவூரில் புறவழிச்சாலைப் பக்கம் இருந்த பெரிய மருத்துவமனையில் பரிசோதனைக் கூடத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும், இதை விட்டால் காலம் முழுக்க ஊசியும் பஞ்சுமாக வீடு வீடாக ஏறி இறங்க வேண்டியதுதான் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

டாக்டரம்மா சம்மதித்தார். ஆனால் தெளிவாகச் சொன்னார்: "ரெஸ்யூம்ல என் நம்பரைப் போட்டுடாதே. அது எத்தனை கைக்குப் போகும்னு சொல்ல முடியாது. யாராவது விவரமில்லாம இங்க லேபுக்கே போன் பண்ணிட்டா உன் வேலை போயிடும். இன்டர்வியூ முடிஞ்சு, உன்னை எடுக்கலாம்னு அவங்களுக்கு எண்ணம் வந்து, கேட்டா, அப்பக் குடு. குடுத்த உடனே எனக்கு ஒரு மெசேஜ் போடு, எந்த வேலைன்னு சொல்லு. நான் ஏதோ நல்ல பொண்ணுன்னு பேசி வைக்காம, அந்த வேலைக்குத் தக்கன பேசறேன்."

இதையெல்லாம் நான் அப்பாவுக்கு விளக்கினேன். அவர் "ம்" கொட்டினார். எனக்கு அவரை நன்றாகத் தெரியும். அந்த "ம்"முக்குச் சம்மதம் என்று அர்த்தம் கிடையாது.

ரெஸ்யூமை மின்னஞ்சலில் அனுப்பிவிட்டேன். நேர்முகத்துக்கு அழைப்பும் வந்தது. அதற்கு முன்னால் சான்றிதழ்களின் நகல்களோடு அச்செடுத்த ரெஸ்யூம் ஒன்றையும் அலுவலகத்தில் நேரில் கொடுக்க வேண்டும் என்றார்கள். எனக்கு விடுப்பு கிடைக்காது. நேர்முகத்துக்கென்று ஒரு நாள் வயிற்றுவலி சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் இன்னொரு வலி சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். கோப்பை அப்பாவின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பி, மன்னார்குடியில் அச்செடுத்து, தஞ்சாவூரில் கொடுத்துவிட்டு வரச் சொன்னேன். அவரிடம் ஓய்வு பெற்றவர்களுக்கான பஸ் பாஸ் இருக்கிறது. எங்காவது போகச் சொன்னால் போதும், சட்டைக்கு இஸ்திரி போட்டுவிடுவார்.

"குடுத்தாச்சும்மா. கையெழுத்து வாங்கிட்டாங்க" என்று போன் செய்தார். நான் நிம்மதியாக இருந்தேன்.

நேர்முகத்தன்று கிளம்பிப் போன பேருந்து, சாலையில் குறுவை நெல்லைக் காயப் போட்டிருந்த இடமெல்லாம் ஒதுங்கி ஒதுங்கிப் போனது. நான் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து கேள்விகளுக்கு மனசுக்குள் பதில் சொல்லிக்கொண்டே போனேன். பயமே இல்லை. என் வேலை எனக்குத் தெரியும் என்ற திமிர் இருந்தது. அதைத் திமிர் என்றுதான் சொல்ல வேண்டும்.

அறையில் மூன்று பேர். பரிசோதனைக் கூடத்தின் தலைமை மருத்துவர், மனிதவளப் பிரிவின் அதிகாரியாக ஒரு அம்மா, நிர்வாகத்தைப் பார்க்கும் ஒருவர். நிர்வாகி நெற்றியில் விபூதியோடு, கையை மடித்துவிட்ட வெள்ளைச் சட்டையில் இருந்தார். "வாங்க, உக்காருங்க" என்று மூன்று பேருமே மரியாதையாகத்தான் ஆரம்பித்தார்கள்.

தலைமை மருத்துவர் முதல் கேள்வி கேட்டார். காலையில் கருவி சரியாக அளக்கிறதா என்று, அளவு முன்பே தெரிந்த கன்ட்ரோல் ஒன்றை ஓட்டிப் பார்க்கிறோம், மதிப்பு எல்லைக்கு வெளியே போகிறது, வெளியே நோயாளிகள் காத்திருக்கிறார்கள், என்ன செய்வீர்கள்? ரிப்போர்ட் எதையும் வெளியே விடமாட்டேன் என்றேன். கன்ட்ரோல் குப்பியின் காலாவதியையும் அதைக் கரைத்த விதத்தையும் பார்ப்பேன். புதுக் குப்பி எடுத்து மறுபடி ஓட்டுவேன். அதிலும் வெளியே போனால் ரீஏஜென்ட் திரவத்தையும் கருவியின் கேலிப்ரேஷனையும் பார்ப்பேன். என்ன செய்தேன் என்பதை எழுதி வைத்துவிட்டுத்தான் அடுத்த வேலை. அவர் தலையசைத்தார். அந்தத் தலையசைப்பில் வேலை கிடைத்த மாதிரியே இருந்தது.

அப்போது மனிதவள அம்மா கோப்பைப் புரட்டினார். "உங்க ரெஃபரன்ஸுக்கு நேத்தே பேசிட்டோம்" என்றார்.

எனக்கு டாக்டரம்மாவின் முகம்தான் முதலில் நினைவுக்கு வந்தது. "நான் ரெஃபரன்ஸ் எதுவும்..." என்று இழுத்தேன்.

"கடைசிப் பக்கத்துல போட்டிருக்கீங்களே. வழக்கமா நாங்க இந்த ஸ்டேஜ்ல கூப்பிடறதில்ல. நம்பர் இருந்தது, சரி பேசிப் பாப்போம்னு என் அசிஸ்டென்ட் பேசினாங்க."

கோப்பை என் பக்கம் திருப்பினார். என் ஒரு பக்க ரெஸ்யூமுக்குப் பின்னால் இரண்டாம் பக்கம் ஒன்று முளைத்திருந்தது. மேலே அப்பா பெயர். அதற்குக் கீழே உறுதிமொழி. அதற்கும் கீழே தடித்த எழுத்தில் ரெஃபரன்ஸ். எங்கள் ஊர்ப் பண்ணை வீட்டுக்காரரின் பெயர், முன்னாள் ஒன்றியத் தலைவர், அரிசி ஆலை உரிமையாளர், செல் நம்பர்.

எங்கள் ஊரில் பாதி நிலம் ஒரு காலத்தில் அந்த வீட்டுடையது. எங்கள் தாத்தா அந்த வீட்டில் பண்ணையாள். முன்வாசல் வழியாக அந்த வீட்டுக்குள் போனவர் எங்கள் தெருவில் கிடையாது. கொல்லைப்புறம் போய் நின்றுதான் எதையும் வாங்கி வருவார்கள். அப்பா அதைப் பார்த்து வளர்ந்தவர். படித்து, யார் சிபாரிசும் இல்லாமல் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து காத்திருந்து, நடத்துநர் ஆனவர். அந்த வீட்டு வாசலை மிதிப்பதில்லை என்று இருந்தவர். பண்ணை வீட்டுக்காரர் பேருந்தில் ஏறியபோது அவரிடமும் "டிக்கெட்" என்று கையை நீட்டியதை நாங்கள் கேட்கக் கேட்கச் சொல்வார். அவருடைய வீரக்கதை அது.

"என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. பேசாமல் இருந்திருந்தால் அந்த அம்மா படித்திருக்க மாட்டார்.

உதவியாளர் குறித்து வைத்திருந்ததை அந்த அம்மா அப்படியே வாசித்தார். அவர்மேல் தப்பில்லை. நல்லதைச் சொல்கிறோம் என்று நினைத்துத்தான் வாசித்தார். "'நம்ம வீட்டுப் பொண்ணு மாதிரிதான். அவ தாத்தன் எங்க பண்ணையில கிடந்தவன். மூணு தலைமுறையா நம்மகிட்ட இருக்கிற குடும்பம். சொன்ன சொல் தட்டாதுங்க. குனிஞ்ச தலை நிமிராது. தைரியமா எடுத்துக்கலாம், நான் பொறுப்பு.'"

மூன்று பேருக்கு முன்னால், குளிரூட்டிய அறையில், காலையில் பார்த்துப் பார்த்துக் கட்டிய காட்டன் சேலையில் நான் உட்கார்ந்திருந்தேன். உடம்பெல்லாம் கூசியது. காது மடல் சுட்டது. நான் இதுவரை சொன்ன பதில்கள் எல்லாம் யாரோ வேறொருத்தி சொன்னவை போலவும், இப்போது வாசித்ததுதான் நான் போலவும் இருந்தது. அதைவிடக் கேவலம், அந்த நொடியில் எனக்குக் கோபம் வரவில்லை. வீட்டில் காபியில் சர்க்கரை குறைந்தால் வரும் கோபம் அங்கே எங்கே போனது என்று தெரியவில்லை. வெட்கம் மட்டும்தான் வந்தது. அந்த வெட்கம் யாருடையது என்றும் எனக்குப் புரியவில்லை. அப்படிப் பேசியவர் வெட்கப்பட வேண்டியதை நான் ஏன் படுகிறேன்?

நிர்வாகி சிரித்தார். "நல்ல இடத்துச் சிபாரிசுதான்ம்மா. அவரை எனக்கும் தெரியும். எந்தத் தெரு நீ?"

அந்த 'நீ'யை நான் கவனித்தேன். உள்ளே வந்தபோது 'வாங்க'வாக இருந்தவள். தெருவின் பெயரைச் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். சொல்லிவிட்டேன். அவர் "ஓ" என்றார். மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை.

தலைமை மருத்துவர் மட்டும் முகத்தைச் சுளித்தார். "இதுல இவங்க வேலையைப் பத்தி ஒண்ணுமே இல்லையே" என்றார். "உங்க வேலையைப் பாத்தவங்க யாரும் இல்லையா?"

"இருக்காங்க சார். இது நான் குடுத்தது இல்ல. எங்க அப்பா பிரிண்ட் எடுக்கறப்ப சேத்திருக்காங்க." என் குரல் எனக்கே கேட்கவில்லை. "இப்ப வேலை பாக்கற இடத்துக்கு வர்ற பேத்தாலஜிஸ்ட் இருக்காங்க. நீங்க கேட்டதுக்கு அப்புறம் குடுக்கலாம்னு வச்சிருந்தேன். ஆனா எங்க லேப் நம்பருக்குப் பேசிடாதீங்க சார். நான் வந்திருக்கிறது அங்க தெரியாது."

மனிதவள அம்மா பேனாவை எடுத்தார். இப்போது அவர் முகத்திலும் கொஞ்சம் சங்கடம். "அதுதான் முறை. முதல்லயே இப்படி வெறுமனே விட்டிருந்தீங்கன்னா நாங்களே கேட்டிருப்போம்" என்றார். முதலிலேயே அப்படித்தான் விட்டிருந்தேன் என்று சொல்ல வாய் வந்தது. நம்பரை மட்டும் கொடுத்தேன். வெளியே வந்ததும் டாக்டரம்மாவுக்கு மெசேஜ் போட்டேன். இரண்டு முறை அழித்து எழுதினேன்.

திரும்பி வரும் பேருந்தில் அப்பாவை என்னென்ன கேட்க வேண்டும் என்று அடுக்கிக்கொண்டே வந்தேன். உங்களை யார் சேர்க்கச் சொன்னது? அந்தாள் யார் எனக்குப் பொறுப்பேற்க? ஒவ்வொன்றையும் உறைக்கிற மாதிரி வைத்திருந்தேன். நீடாமங்கலம் வந்தபோது ரயில்வே கேட் போட்டிருந்தார்கள். காத்திருந்த நேரத்தில் இன்னும் இரண்டு சேர்ந்தன.

அப்பா வாசலிலேயே நின்றிருந்தார். "என்னம்மா ஆச்சு? ஐயாவுக்குப் போன் பண்ணாங்களாமா?"

'ஐயா' என்றார். அந்த வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து நான் கேட்டதில்லை.

"நீங்களா போட்டீங்க?"

"ஜெராக்ஸ் கடைக்காரர்தான், ரெஃபரன்ஸ் இல்லாத பயோடேட்டாவை எவன் பாப்பான்னு கேட்டாரு. எனக்கும் அதுதான் மனசுல இருந்துச்சு. நம்மளால ஒண்ணும் குறைஞ்சிடக் கூடாது பாரு." "கேக்காம போடல. நேர்ல போயி கேட்டுட்டுத்தான் போட்டேன். முன்வாசல் வழியாத்தான் போனேன். நாற்காலி போட்டு உக்காரச் சொன்னாரும்மா. காபி வந்துச்சு. உங்க தாத்தா ஜென்மத்துக்கும் உக்காராத வீட்டுல, உன் படிப்பைச் சொன்னதும் நாற்காலி போட்டாங்க."

நான் அடுக்கி வைத்திருந்த எல்லாமே சரிந்தது. ஒருவரிடம் முன்கூட்டிக் கேட்டு, அனுமதி வாங்கி, அதற்கப்புறம்தான் நம்பரைப் போட வேண்டும் என்று நான் அவருக்குச் சொல்லியிருந்தேன். அதை மட்டும் அட்சரம் பிசகாமல் செய்திருக்கிறார். அதற்காக வாழ்நாள் முழுக்க மிதிக்காத வாசலை மிதித்திருக்கிறார்.

"என்ன சொன்னாராம்?" என்று கேட்டார்.

"நல்லாச் சொன்னாராம்ப்பா."

"என்னன்னு?"

"நல்ல பொண்ணுன்னு. தைரியமா எடுத்துக்கலாம்னு."

அப்பா என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "வேற ஒண்ணும் சொல்லலையே?"

"இல்லப்பா."

"சரி. கை கால் கழுவிட்டு வா, சாப்பிடு" என்று உள்ளே போய்விட்டார். அவர் நம்பிவிட்டார் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். எனக்கு நடிக்கத் தெரிகிறதே என்றுகூட நினைத்தேன்.

வேலை கிடைத்தது. டாக்டரம்மாவிடம் தலைமை மருத்துவரே பேசினாராம். ஒரு ரிப்போர்ட்டில் பொட்டாசியம் தாறுமாறாக இருந்தபோது நான் அதை வெளியே விடாமல் நிறுத்தி, ரத்தம் எடுத்ததில் செல்கள் உடைந்திருக்கின்றன என்று கண்டுபிடித்து மறுபடி எடுக்கச் சொன்னதை அவர் சொல்லியிருக்கிறார். எனக்கே மறந்துபோன விஷயம் அது. ஒருவருடைய வேலையைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர் பேசினால் அப்படித்தான் பேசுவார். அந்தப் பேச்சைக் கேட்டபோது வந்த சந்தோஷத்துக்கு நடுவிலும் மற்றது ஒலித்துக்கொண்டேதான் இருந்தது. பண்ணையில கிடந்தவன். குனிஞ்ச தலை.

வேலை உத்தரவு வந்த செய்தி ஊருக்குள் எப்படிப் போனதோ, பண்ணை வீட்டிலிருந்து அப்பாவுக்குப் போன் வந்தது. பேசிவிட்டு வந்து, போனைச் சட்டைப்பைக்குள் போட்டபடி நின்றார்.

"நான் ஒரு வார்த்தை சொன்னேன், வேலை முடிஞ்சிருச்சு பாருங்கறாரு. பொண்ணைக் கூட்டியாந்து காட்டிட்டுப் போன்னாரு."

"நான் வரமாட்டேன்" என்றேன். தேடிக்கொண்டிருந்த கோபம் கடைசியில் வந்து சேர்ந்தது. "அவரு சொன்னதால ஒண்ணும் கிடைக்கல. நீங்களும் போகக் கூடாது. அவரு அங்க என்ன சொன்னாருன்னு உங்களுக்குத் தெரிஞ்சா..."

"தெரியும்" என்றார் அப்பா.

நான் அவர் பக்கம் திரும்பினேன்.

"ஆஸ்பத்திரிலேருந்து பேசின அன்னிக்குச் சாயங்காலமே எனக்குப் போன் பண்ணிட்டாரு. இப்படி இப்படிச் சொல்லியிருக்கேன்டான்னு, ஒரு வார்த்தை விடாம சொன்னாரு. சந்தோஷமாத்தான் சொன்னாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

அப்பா முற்றத்துக் கொடியில் காய்ந்த துண்டை எடுத்து உதறினார். மடித்தார். மறுபடி உதறினார். "சரிங்கய்யான்னேன். வேற என்னம்மா சொல்றது? மறுநாள் உனக்கு இன்டர்வியூ. ஏதாவது பேசப் போயி, அந்தாளு மறுபடி அவங்களுக்குப் போன் போட்டு மாத்திச் சொல்லிட்டா?"

அப்படியானால் நான் பேருந்தில் இறங்கி வந்தபோது, அவர் வாசலில் நின்று என்ன சொன்னாராம் என்று கேட்டது எல்லாம் தெரிந்துகொண்டேதான். நாற்காலியைப் பற்றிச் சொன்னதும் தெரிந்துகொண்டேதான். அதை எனக்குத்தான் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா என்று தெரியவில்லை. நான் அவரிடமிருந்து மறைத்தேன் என்று பெருமைப்பட்டுக்கொண்டிருக்க, அவர் அதற்கு முந்தைய நாளே எனக்காக "சரிங்கய்யா" சொல்லிவிட்டு, சட்டைக்கு இஸ்திரி போட்டு வாசலில் வந்து நின்றிருக்கிறார்.

"உன் மூஞ்சிக்கு நேராவே படிச்சுட்டாங்களா?" என்று கேட்டார். என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"இல்லப்பா" என்றேன். இந்த முறை எனக்கு நடிக்க வரவில்லை. அவர் தலையை ஆட்டினார். இரண்டு பேருமே தரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

மறுநாள் காலையில் அப்பா மட்டும் போனார். நான் தடுத்தேன். "இருக்கிறது இந்த ஊர்லம்மா. வாய்க்கால் தண்ணி அவங்க வயலைத் தாண்டித்தான் நம்ம வயலுக்கு வருது" என்றார். ஒரு பெட்டி இனிப்பு வாங்கிக்கொண்டு, மடித்த துண்டைக் கையில் வைத்துக்கொண்டு போனார். துண்டை எப்போதும் தோளில் போடுகிறவர் அவர்.

இப்போது மருத்துவமனையில் புதிதாக ஆள் எடுக்கும்போது, எங்கள் பிரிவுக்கு வரும் ரெஸ்யூம்களை என்னிடமும் காட்டுகிறார்கள். கடைசிப் பக்கத்தில் இப்படி ஒரு பெரிய மனிதர் இருந்தால், அந்த நம்பருக்குப் பேச வேண்டாம் என்று மனிதவள அம்மாவிடம் சொல்லிவிடுகிறேன். வேலையைப் பார்த்தவர் யார் என்று பிற்பாடு நேரில் கேட்டுக்கொள்ளலாம் என்பேன். அவர் என்னைப் பார்ப்பார். காரணம் கேட்பதில்லை. அவருக்கு நினைவிருக்கிறது என்பது எனக்குத் தெரியும். அது போதும், அன்றைக்கெல்லாம் எனக்கு முகம் சுடும்.

இனிப்புப் பெட்டியோடு போன அன்று அப்பா திரும்பி வரும்போது உச்சிவெயில். உள்ளே வந்து, தண்ணீர் குடித்துவிட்டு, பேப்பரை எடுத்து வைத்துக்கொண்டார். இந்த முறை நாற்காலி போட்டார்களா என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.